எழுபதாயிரம் ரூபாய்க்கு ஒரு சொல்

தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில், பழைய வளவு வீட்டின் முகப்பில் இரண்டு மேசை போட்டு நடக்கிறது அந்த அறக்கட்டளை. அவர்களுடைய சொந்த நிதி என்று அப்போது பேங்கில் இருந்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். அதில் எழுபதாயிரம் ஒரே காசோலையில் போனது. ஊருணி வேலைக்குப் பணம் கொடுத்த கம்பெனி நியாயமாகத்தான் கேட்டது, வேலை செய்தவரும் சரியாகத்தான் செய்திருந்தார், கணக்கு எழுதியவரும் ஒரு ரூபாய் தப்பாக எழுதவில்லை. மானிய ஒப்பந்தத்தைச் சுருக்கித் தமிழில் எழுதிக் கொடுத்தவள் நான். அந்தச் சுருக்கத்தில் ‘செலவு’ என்று ஒரு சொல் போட்டிருந்தேன். இரண்டு வருஷமாகியும் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் இருபது வருஷத்துக்கு மேல் மதுரையில் தொண்டு நிறுவனங்களில் மானியக் கணக்கு பார்த்தவள். ஊர் திரும்பி காரைக்குடியில் இருப்பது தெரிந்ததும், அந்த அறக்கட்டளையின் செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஒரு நாள் பையோடு வந்தார். பைக்குள் முப்பத்தொரு பக்க ஒப்பந்தம். சென்னைக் கம்பெனி ஒன்று சமூகப் பணிக்கென்று ஒதுக்குகிற சிஎஸ்ஆர் பணம், 24 லட்சம், ஊர் ஊருணியைத் தூர்வாரி, கரை கட்டி, படித்துறை சரிசெய்ய. “கையெழுத்துப் போட்டாச்சும்மா. கணக்கு பார்க்கிறவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், ஆனா இந்த இங்கிலீஷ் யாருக்கும் வராது. அவருக்குப் புரியுற மாதிரி எழுதிக் குடுங்க” என்றார்.

கணக்கு பார்க்கிறவர் எழுபதை நெருங்கியவர். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் பேரேடு எழுதியவர், கடைசிப் பத்து வருஷம் டேலியில். வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் வந்து அறக்கட்டளைக் கணக்கைப் பார்த்துவிட்டுப் போவார். நான் அவரை அய்யா என்பேன், அவர் என்னை ஆத்தா என்பார். வருஷக் கடைசியில் போடுகிற இருப்புநிலைக் கணக்கை இன்னும் ஐந்தொகை என்றுதான் சொல்வார். நான் எட்டுப் பக்கத்துக்குச் சுருக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுவதையும் நிதானமாக வாசித்து முடித்தார். “நல்லா இருக்காத்தா. இதுல நான் எந்தத் தேதிக்கு என்ன செய்யணும்?” என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தின் வரிசையிலேயே சுருக்கியதுதான் என் முதல் தப்பு. அந்த வரிசை வக்கீலின் வரிசை. விளக்கங்கள், காலம், பணம் வழங்கல், அறிக்கைகள், ஏற்கப்படும் செலவுகள், தணிக்கை, முடித்துக்கொள்ளல், பொது நிபந்தனைகள், பின்னிணைப்பில் பட்ஜெட் என்று போகும். கணக்கருக்கு வேண்டிய ஒரு விஷயம் இதில் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கும். ‘அறிக்கைகள்’ என்ற தலைப்புக்குக் கீழே இருக்கிற தேதிகள் மட்டும்தான் தேதிகள் என்று நினைத்தால், ‘காலம்’ என்ற தலைப்புக்குள் ஒளிந்திருக்கிற தேதி கண்ணில் படாது. எனக்கும் படவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

காலெண்டரில் இல்லாத தேதிகள்

ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தேதியைத் தேதியாகச் சொல்வதில்லை. இத்தனை நாளுக்குள் என்றுதான் சொல்லும். எதிலிருந்து இத்தனை நாள் என்பதுதான் கேள்வி, அதற்கு விடை விளக்கங்கள் பகுதியில் இருக்கும். எல்லோரும் தாண்டிப் போகிற பகுதி அது. இந்த ஒப்பந்தத்தில் அறக்கட்டளை கையெழுத்துப் போட்டது ஜூலை 12. கம்பெனி அதிகாரி போட்டது ஜூலை 22. பணம் பேங்குக்கு வந்தது ஆகஸ்ட் 4. மூன்றில் எது தொடக்கத் தேதி? கடைசிக் கையெழுத்து விழுந்த தேதி என்று விளக்கம் சொன்னது. அப்படியானால் ஜூலை 22. இது தெரியாமல் ஜூலை 15-ஆம் தேதியிட்ட சர்வேயர் பில் பன்னிரண்டாயிரத்தைத் திட்டக் கணக்கில் எழுதியிருந்தார்கள். தொடக்கத் தேதிக்கு முந்தைய செலவு ஏற்கப்படாது என்று ஏழாம் பிரிவில் ஒரு வரி. ஒரு வாரத்தில் பன்னிரண்டாயிரம் போயிற்று. பூமி பூஜைச் செலவு நல்லவேளையாக ஊர்க்காரர்கள் தலைக்கு இவ்வளவு என்று போட்டுக்கொண்டார்கள். இல்லையென்றால் அதுவும் இதே கதிதான், விழாச் செலவு கூடாது என்று வேறு எழுதியிருந்தது.

காலாண்டு அறிக்கையும் அப்படித்தான். பணம் ஆகஸ்டில் வந்தது, ஆகவே மூன்று மாதம் கழித்து நவம்பரில் முதல் அறிக்கை என்று செயலாளர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் சொன்னது நிதியாண்டின் காலாண்டு. செப்டம்பர் 30-இல் முடிகிற காலாண்டுக்கு, முடிந்த 15 நாளுக்குள், அதாவது அக்டோபர் 15-க்குள் அறிக்கை கம்பெனியின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அனுப்பிய தேதி கணக்கில்லை, சேர்ந்த தேதிதான் கணக்கு; அது பொது நிபந்தனைகளில், ‘அறிவிப்புகள்’ என்ற பிரிவில் இருந்தது. அறிக்கையோடு ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழும் வேண்டும். ஆடிட்டர் அலுவலகங்களில் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் எப்படி இருக்கும் என்று கணக்கு எழுதுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறக்கட்டளைகளின் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கெடு செப்டம்பர் 30, வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கு அக்டோபர் 31. நடுவில் போய், சார் இந்த ஊருணிக் கணக்குக்கு ஒரு சீல் என்று நின்றால் அவர் என்ன செய்வார்? அதனால் அய்யாவின் தாளில் அக்டோபர் 15 என்று எழுதிப் பயனில்லை. அக்டோபர் 6 ஆடிட்டரிடம் கணக்கு, 10-ஆம் தேதி கூரியர் என்று எழுதினால்தான் அவருக்கு அது தேதி.

இன்னொன்று, இந்த முதல் அறிக்கை வெறும் அறிக்கை மட்டுமல்ல. 24 லட்சத்தில் முதல் தவணை 60 சதவீதம், 14,40,000. அதில் 75 சதவீதம் பயன்பட்டதாகக் காலாண்டு அறிக்கை காட்டினால்தான் இரண்டாம் தவணை வரும். 75 சதவீதம் என்றால் 10,80,000. ஆக செப்டம்பர் 30-க்குள் பத்து லட்சத்து எண்பதாயிரம் வெளியே போயிருக்க வேண்டும். போகாவிட்டால் அடுத்த அறிக்கை ஜனவரி 15-இல்தான், பணம் அதற்கும் பிறகு. நம் பக்கத்தில் அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஊருணிக்குள் ஜேசிபி இறங்க முடியாது. மண் வேலை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடிந்தாக வேண்டும் என்பது மழைக்கும் பொருந்தியது, ஒப்பந்தத்துக்கும் பொருந்தியது. இந்தக் கணக்கை மட்டும் என் எட்டுப் பக்கத்தில் ஒழுங்காகப் போட்டிருந்தேன். ரூபாயில் போட்டிருந்ததால்தான் அய்யா அதைப் பிடித்துக்கொண்டார். வாரா வாரம் செயலாளரிடம், இன்னும் இவ்வளவு போகணும் சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எதில் பத்து?

ஏற்கப்படும் செலவு என்றால் பட்டியல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வண்டி வாங்கக் கூடாது, நிலம் வாங்கக் கூடாது, அறங்காவலரின் சொந்தக்காரருக்குச் சம்பளம் கூடாது, ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. அதில் சிக்கல் அதிகம் வருவதில்லை, படித்தவுடன் புரியும். சிக்கல் வருவது பின்னிணைப்பில் இருக்கிற பட்ஜெட் அட்டவணைக்கும் உள்ளே இருக்கிற ஒரு வாக்கியத்துக்கும் நடுவில்.

பட்ஜெட் இது: மண் வேலை 12 லட்சம், கரையும் படித்துறையும் 7 லட்சம், மேற்பார்வையாளர் சம்பளம் 3 லட்சம், நிர்வாகம் 1,20,000, ஆவணமும் கண்காணிப்பும் 80,000. வாக்கியம் இது: ஒரு தலைப்பில் 10 சதவீதத்துக்கு மேல் மாற்றம் வந்தால், கம்பெனியின் முன் அனுமதி எழுத்தில் வேண்டும். நானும் ‘தலைப்புக்குத் தலைப்பு 10 சதவீதம் வரை மாற்றலாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் இரண்டாவது வாரம் அய்யா போன் செய்தார். வண்டலுக்குக் கீழே இறுகிய களி வந்துவிட்டது, டிப்பர் நடை கூடிவிட்டது, மண் வேலை பதின்மூன்றரை லட்சம் ஆகும் போலிருக்கிறது. மேற்பார்வையாளருக்கு மழை மாதங்களில் வேலை இருக்காது, அதில் ஒன்றரை லட்சம் மிச்சமாகும், அதை எடுத்து இதில் போடலாமா? “பத்துங்கிறியே ஆத்தா, எதுல பத்து? கூடுறதுலயா, குறையிறதுலயா?”

அருமையான கேள்வி. ஒன்றரை லட்சம் என்பது மண் வேலைத் தலைப்பில் பன்னிரண்டரை சதவீதம். சம்பளத் தலைப்பில் அது ஐம்பது சதவீதம். மொத்தத் தொகை மாறவில்லை, 24 லட்சத்துக்குள்தான் எல்லாம். ஆனாலும் மாற்றம் என்ற சொல்லுக்குள் கூடுதல், குறைதல் இரண்டும் அடக்கம். கூடியதை மட்டும் அனுமதி கேட்டு, குறைந்ததைச் சொல்லாமல் விட்டால் தணிக்கையில் அதற்கும் ஒரு கேள்வி வரும். மீறினால் மீறிய முப்பதாயிரத்தை மட்டும் தள்ளுவார்களா, கூடிய ஒன்றரை லட்சம் முழுவதையும் தள்ளுவார்களா என்பதும் ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லை. தெளிவாக இல்லாததை நான் சுருக்கத்தில் தெளிவாக்கக் கூடாது. கம்பெனியிடம் எழுதிக் கேட்டுத்தான் தெளிவாக்க வேண்டும். செயலாளர் இரண்டு தலைப்பையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினார், 22-ஆம் தேதி சரி என்று பதில் வந்தது. அதுவரை அய்யா 13,20,000-க்கு மேல் ஒரு பில்லையும் வாங்கவில்லை. கூடுதல் நடைக்கான பில்லில் தேதி செப்டம்பர் 24. முன் அனுமதி என்பதில் ‘முன்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் பேரேடு எழுதியவருக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. என் தாளில் 10 சதவீதம் என்று இருந்த இடத்தில் பென்சிலால் 13,20,000 என்று எழுதி வைத்திருந்தார். இப்போது நான் எழுதுகிற எந்தச் சுருக்கத்திலும் சதவீதத்தைத் தனியாக விடுவதில்லை.

மார்ச் 31

மழை முடிந்து, தண்ணீர் வடிந்து, பிப்ரவரியில் படித்துறை வேலை தொடங்கியது. செம்புறாங்கல் படி. பழைய கல்லில் பாதி நன்றாக இருந்தது, சரிந்ததை எடுத்துத் திரும்பப் பதித்தார்கள். எடுத்துச் செய்தவர் உள்ளூர்க்காரர். மார்ச் 20-ஆம் தேதி ஏழு லட்சத்துக்கு இறுதி பில் கொடுத்தார். எந்தக் கட்டுமான வேலையிலும் இருப்பதைப் போல 10 சதவீதம், எழுபதாயிரம், பிடித்து வைத்தார்கள். ஒரு மழைக்காலம் தண்ணீர் நின்று பார்க்கட்டும், படி இறங்காமல் இருந்தால் ஜனவரியில் கொடுக்கலாம் என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. ஊருணியில் தண்ணீர் நிற்கும்போதுதான் அடிக்கல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். வரி பிடித்தம் ஒரு சதவீதம், ஏழாயிரம். ஆக அவருக்குப் போன காசோலை 6,23,000.

அய்யா கணக்கில் எழுதினார். படித்துறைச் செலவு பற்று ஏழு லட்சம். காசோலை வரவு 6,23,000, வரி பிடித்தம் வரவு 7,000, ஒப்பந்தப் பிடித்தம் வரவு 70,000. கணக்கு முறைப்படி இதில் ஒரு குற்றமும் கிடையாது. வேலை நடந்தது, பில் வந்தது, கடன் நின்றது. செலவு ஏழு லட்சம்தான். என் சுருக்கத்தின் ஆறாம் பக்கத்தில் என்ன இருந்தது? ‘மார்ச் 31-க்குள் செலவான தொகை மட்டுமே ஏற்கப்படும். செலவாகாத தொகையை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்.’ அந்த வாக்கியத்தின்படியும் அவர் செய்தது சரி.

ஒப்பந்தத்தில் இருந்தது வேறு. காலத்துக்குள் ‘இன்கர்டு அண்ட் ஆக்சுவலி பெய்டு’ ஆன தொகை என்று இருந்தது. செலவு நேர்ந்திருக்கவும் வேண்டும், பணம் உண்மையில் கொடுக்கப்பட்டிருக்கவும் வேண்டும். இரண்டு நிபந்தனை. நான் இரண்டையும் சேர்த்து ‘செலவான’ என்று ஒரே சொல்லில் போட்டுவிட்டேன். எழுதும்போது தமிழாகத்தான் பட்டது, நன்றாகக்கூட இருந்தது. நம் பேச்சில் செலவு என்றால் கையைவிட்டுப் போன காசு, கணக்குப் புத்தகத்தில் செலவு என்றால் பற்று எழுதியது. வீட்டில் மளிகைக்கடைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியை இந்த மாதச் செலவில் சேர்க்கிறோமா, அடுத்த மாதத்திலா என்று கேட்டுப் பாருங்கள், வீட்டுக்கு வீடு ஒரு பதில் வரும். அந்த இடைவெளியில் போய் எழுபதாயிரம் விழுந்தது.

ஏப்ரல் கடைசியில் பயன்பாட்டுச் சான்றிதழ் போனது. மே மாதம் கம்பெனியின் தணிக்கையாளர்கள் பேங்க் ஸ்டேட்மென்டை வைத்துக்கொண்டு கேட்டார்கள்: படித்துறையில் ஏழு லட்சம் காட்டியிருக்கிறீர்கள், மார்ச் 31 வரை பேங்கில் போனது 6,23,000, மீதி 77,000 எங்கே? அதில் ஏழாயிரம் மார்ச் மாத வரி பிடித்தம். அதைக் கட்டச் சட்டப்படி ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு, அய்யா ஏப்ரல் 7-இல் கட்டியிருந்தார். சலானைக் காட்டியதும் பேசி ஒப்புக்கொண்டார்கள். அதையும் அவர்கள் மறுத்திருக்கலாம், எழுத்துப்படி அதுவும் மார்ச்சுக்குள் கொடுக்கப்படவில்லை. எழுபதாயிரத்துக்கு மட்டும் சலானும் கிடையாது, ரசீதும் கிடையாது. செலவாகாத பணம், திருப்பித் தாருங்கள் என்று 15 நாள் கெடு வைத்துக் கடிதம் வந்தது.

செயலாளருக்குக் கோபம். வேலை நடந்திருக்கிறது, படி கண்முன்னால் இருக்கிறது, இவர்களுக்கு என்ன கல் நெஞ்சா என்றார். எனக்கு அந்தப் பக்கத்து நிலைமை தெரியும். கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி சிஎஸ்ஆர் பணத்தை அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டாலே கம்பெனி செலவழித்ததாக ஆகாது. அறக்கட்டளை அதைப் பயன்படுத்தினால்தான் ஆகும் என்று மத்திய நிறுவன விவகார அமைச்சகம் 2021-இல் விளக்கம் கொடுத்தது. பணம் ஒப்புதல் கொடுத்தபடி பயன்பட்டது என்று அந்தக் கம்பெனியின் நிதித் தலைவர் சான்று கொடுக்க வேண்டும். பல வருஷத் திட்டம் என்று இயக்குநர் குழு முன்பே முடிவு செய்திருந்தால், மிச்சப் பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி பேங்க் கணக்கில் போட்டு மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். அப்படி இல்லாத திட்டமென்றால் ஆறு மாதத்துக்குள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கிற அரசு நிதிகளில் ஒன்றில் கட்டிவிட வேண்டும். நம்முடையது ஒரே வருஷத் திட்டம். மே மாதத்தில் இருந்துகொண்டு அவர்களால் நமக்குச் சலுகை காட்ட முடியாது. பிப்ரவரியில் என்றால் ஏதாவது வழி இருந்திருக்கும்.

ஒளிந்திருந்த தேதி என்று மேலே சொன்னேனே, அது இதுதான். ‘காலம்’ என்ற மூன்றாம் பிரிவில், கால நீட்டிப்பு வேண்டுமானால் முடிவுத் தேதிக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் எழுத்தில் கேட்க வேண்டும் என்று ஒரு வரி. மார்ச் 31-க்கு 30 நாள் முன்னால் என்றால் மார்ச் 1. என் எட்டுப் பக்கத்தில் அது இல்லவே இல்லை. அறிக்கைத் தேதிகளைத் தேடிக்கொண்டிருந்தவளுக்கு அது அறிக்கையாகத் தெரியவில்லை. பிடித்து வைக்கப் போகிறோம் என்பது வேலையை ஒப்படைத்த அன்றே தெரியும். பிப்ரவரியில் ஒரு கடிதம் எழுதி, நீட்டிப்புத் தருகிறீர்களா, அல்லது பிடித்தத் தொகையைப் பயன்பட்டதாக ஏற்கிறீர்களா என்று கேட்டிருக்கலாம். இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்திருந்தால், பிடித்தமே இல்லாமல் முழுதாகக் கொடுத்துவிட்டு அவரிடம் வேறு உத்தரவாதம் வாங்கியிருக்கலாம். பேங்க் உத்தரவாதம் என்பார்கள், கிராமத்தில் படிக்கட்டு கட்டுகிறவரிடம் அது நடக்கிற காரியமில்லை. ஆனால் அவர் ஊர்க்காரர், கோயில் திருப்பணியெல்லாம் செய்தவர், எழுதி வாங்கியிருந்தாலே போதும் என்றார்கள் எல்லோரும் பின்னால்.

கம்பெனிக்கு எழுபதாயிரம் திரும்பப் போனது. ஜனவரியில் படி இறங்கவில்லை என்று பார்த்துவிட்டு, ஒப்பந்தக்காரருக்கு எழுபதாயிரம் கொடுத்தது அறக்கட்டளையின் சொந்த நிதி. அய்யா என்னிடம் ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. “நான் ஐந்தொகைய சரியாத்தான் ஆத்தா போட்டேன்” என்றார், அவ்வளவுதான். அது எனக்கு வேறு விதமாகக் கேட்டது.

இப்போது எழுதும் தாள்

அடுத்த ஒப்பந்தம் வேறொரு கம்பெனியிடமிருந்து போன வருஷம் வந்தது, பக்கத்து ஊர் ஊருணிக்கு. இந்த முறை ஒப்பந்தத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை விளக்கங்கள் மட்டும். இரண்டாம் தடவை, எங்கெல்லாம் நாள் எண்ணிக்கை வருகிறதோ அங்கெல்லாம் மஞ்சள், எங்கெல்லாம் ‘முன் அனுமதி’, ‘எழுத்தில்’ வருகிறதோ அங்கெல்லாம் பச்சை. தலைப்பைப் பார்ப்பதே இல்லை. பதினாறு மஞ்சள் விழுந்தது, அறிக்கைப் பிரிவில் அதில் ஐந்துதான் இருந்தன. மூன்றாம் தடவை, பணம் எந்தெந்தக் கதவு வழியாகத் திரும்பிப் போக முடியும் என்று மட்டும் பார்த்தேன். மிச்சம் நின்றால் ஒன்று. தணிக்கையில் செலவு தள்ளப்பட்டால் இரண்டு. நடுவில் ஒப்பந்தம் முறிந்தால் மூன்று. பேங்க் கொடுத்த வட்டி நாலு. வட்டியை எல்லோரும் மறப்பார்கள். சேமிப்புக் கணக்கில் பத்து லட்சம் இரண்டு மாதம் கிடந்தால் ஒரு தொகை ஏறிவிடும், அதைத் திட்டத்துக்கே செலவழிக்க வேண்டும் அல்லது திருப்பித் தர வேண்டும். ஒவ்வொரு கதவுக்கும் கெடு வேறு, முதலாவதுக்கு முடிவுத் தேதியிலிருந்து, இரண்டாவதுக்கு நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து.

தாள் ஒன்றுதான், இரண்டு பக்கம். முன்பக்கம் மாத வரிசையில் தேதிகள், பின்பக்கம் ரூபாயில் வரம்புகளும் திரும்பும் கதவுகளும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒப்பந்தத்தின் பிரிவு எண், பக்க எண். என் தமிழை நம்பாமல் அவர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். சொல் சிக்கலாக இருக்கும் இடத்தில் மூலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டு, பக்கத்தில் செய்ய வேண்டியதை எழுதினேன். பிப்ரவரி, மார்ச் பகுதி இப்படி இருந்தது:

> பிப். 20: பிடித்தம் வைக்கப்போகும் பில்கள் பட்டியல் செயலாளரிடம். (நான் சேர்த்தது, ஒப்பந்தத்தில் இல்லை)
> மார்ச் 1: நீட்டிப்புக் கேட்க கடைசி நாள். கடிதம் போய்ச் சேர வேண்டும். (பிரிவு 4, பக். 6)
> மார்ச் 28: மார்ச் வரி பிடித்தம் கட்டிவிடவும், ஏப்ரலுக்கு விட வேண்டாம். (பிரிவு 9, பக். 14)
> மார்ச் 31: ‘பெய்டு’ ஆனது மட்டும் கணக்கு. பில் எழுதி, பணம் கொடுக்காதது மிச்சமாகவே எண்ணப்படும். (பிரிவு 9, பக். 14)

கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே முகப்பு, அதே மேசை. அய்யா வாசித்துவிட்டு ‘பெய்டு’ என்ற சொல்லின் மேல் பென்சிலை வைத்தார். “மார்ச் 30-ஆம் தேதி காசோலை குடுக்கிறேன். அவன் ஏப்ரல் 3-ல போடுறான். இது குடுத்ததா, குடுக்காததா?”

ஒப்பந்தத்தைத் திருப்பினோம். காசோலை பற்றி எங்கேயும் ஒரு சொல் இல்லை. நம் கணக்கில் அது 30-ஆம் தேதியே போய்விட்டது, பேங்க் ஸ்டேட்மென்டில் ஏப்ரலில்தான் போகும். அன்றைக்கே செயலாளர் கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டார். பத்து நாளாகியும் பதில் வரவில்லை. அடுத்த வாரம் போனபோது, மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளில் என் வரிக்குக் கீழே பென்சிலில் ஒரு வரி கூடியிருந்தது: மார்ச் 20-க்கு மேல் காசோலை கிடையாது, எல்லாம் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ்.